விளம்பரத்தில் வந்தவர் மறுபடி வாங்குகிறாரா? ஒரு கருவாட்டுக் கடைக் கணக்கு

மண்டபம், பாம்பன் பக்கம் காய வைக்கும் கருவாடு இப்போது கூரியரில் வெளியூர்களுக்கும் போகிறது. இன்ஸ்டாகிராமிலும் கூகுளிலும் விளம்பரம் போட்டு விற்பவர்கள், ஒரு புது ஆர்டருக்கு எவ்வளவு செலவானது என்று மட்டும் பார்த்துவிட்டு, குறைவாக ஆன விளம்பரத்துக்கே மேலும் பணம் போடுகிறார்கள். கருவாட்டில் முதல் பார்சலின் லாபம் பெரும்பாலும் விளம்பரச் செலவுக்கே போய்விடும். மிச்சம் நிற்பது இரண்டாவது ஆர்டரிலிருந்துதான். அந்த இரண்டாவது ஆர்டரை விளம்பரவாரியாக எண்ணும் முறைதான் கோஹார்ட் அனாலிசிஸ்.

ஒரே மாதத்தில், ஒரே விளம்பரம் வழியாக முதன்முதலில் வாங்கியவர்கள் ஒரு கோஹார்ட். ஒருவர் பின்னால் எந்த வழியாக வந்து வாங்கினாலும் முதல் கோஹார்ட்டிலேயே இருப்பார். இரண்டாம் முறை பெரும்பாலானவர்கள் விளம்பரத்தைத் தொடாமல் நேராக வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். அதனால் ஆளை அடையாளம் காண போன் எண்தான் ஆதாரம். +91, முன்னால் வரும் 0, நடுவில் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் நீக்கி கடைசி 10 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பழைய ஆள் புது ஆளாகப் பதிவாகிவிடுவார்.

மாதத்துக்கு ஒரு ஷீட் போதும். A-யில் போன் எண், B-யில் முதல் ஆர்டர் தேதி, C-யில் விளம்பரம், D-யில் இரண்டாவது ஆர்டர் தேதி. E-யில் இடைப்பட்ட நாட்கள் வரவேண்டும், அதற்குக் கீழே உள்ள முதல் வரி. இரண்டாவது வரியை இந்த ஐந்து பத்திகளுக்கு வெளியே ஒரு காலிக் கட்டத்தில் போட்டால், இன்ஸ்டாகிராம் வழியாக வந்து 60 நாளுக்குள் மறுபடி வாங்கியவர்களின் எண்ணிக்கை வரும்:

```
=IF(D2="","",D2-B2)
=COUNTIFS(C:C,"insta",E:E,"<=60")
```

முதல் வரியில் உள்ள IF முக்கியம். வெறும் D2-B2 என்று போட்டால், மறுபடி வாங்காதவருக்கு மைனஸ் எண் வரும். அது 60-ஐ விடக் குறைவு என்பதால் அவரும் திரும்ப வந்தவராக எண்ணப்படுவார். இன்னொன்று, கெட்டுப்போன பார்சலுக்கு மாற்றாக அனுப்பியதை ₹0 ஆர்டராகப் பதிந்திருந்தால் அதை D-யில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளர் நல்ல வாடிக்கையாளராகத் தெரிவார்.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். ஜனவரியில் இன்ஸ்டாகிராமில் ‘250 கிராம் நெத்திலி ₹99’ என்ற சலுகை. ₹18,000 செலவில் 200 புதியவர்கள், ஆளுக்கு ₹90. கூகுள் தேடலில் ₹12,000 செலவில் 80 பேர், ஆளுக்கு ₹150. 60 நாளுக்குள் மறுபடி வாங்கியவர்கள் இரண்டிலும் தலா 24 பேர். அதாவது இன்ஸ்டாகிராமில் 12%, கூகுளில் 30%. திரும்ப வந்த ஓர் ஆளுக்கு ஆன செலவு இன்ஸ்டாகிராமில் ₹750, கூகுளில் ₹500. மலிவாகத் தெரிந்ததுதான் விலை அதிகம்.

ரீஃபண்டை அது நடந்த மாதத்தில் எழுதாமல், எந்த ஆர்டருக்கோ அந்த ஆர்டரின் கோஹார்ட்டில் எழுத வேண்டும். சி.ஓ.டி. பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்பியவர்களைத் தனியே எண்ணுங்கள். அவர்கள் சரக்கைப் பார்க்கவே இல்லை. நம் மாதிரியில் டெலிவரி ஆன 200-க்கு 14 ரீஃபண்ட், 80-க்கு 2 என்று வைத்துக்கொண்டால் 7%-மும் 2.5%-மும் வரும். இந்த வித்தியாசத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. 80 பேரில் 2 என்பது தற்செயலாகவே சுமார் 0.3%-லிருந்து 9% வரை எங்கும் இருக்கலாம். 12%-க்கும் 30%-க்கும் உள்ள இடைவெளி அப்படியல்ல, அது இந்த எண்ணிக்கையிலேயே நிற்கும்.

ஆகவே ரீஃபண்டில் சதவீதத்தைவிடக் காரணத்தைப் படிப்பதே பயன் தரும். ‘படத்தில் தலை கிள்ளிய நெத்திலி, வந்தது தலையோடு’ என்ற புகார் ஒரே விளம்பரத்தில் வந்தவர்களிடமிருந்து மட்டும் வருகிறதென்றால் கோளாறு அந்த விளம்பரப் படத்தில். ‘ஈரமாக இருக்கிறது, பூஞ்சை’ என்று எல்லா விளம்பரத்தில் வந்தவர்களும் ஒரே மாதத்தில் சொன்னால் கோளாறு சரக்கில். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெயில் போதாமல் கருவாடு சரியாகக் காயாது. அதற்காக விளம்பரத்தை நிறுத்துவதில் பயனில்லை.

இதனால்தான் ஒரே மாதக் கோஹார்ட்டுகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மார்ச் கடைசியில் சேர்ந்தவரின் 60 நாள் மே கடைசி வரை ஓடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் வரத்து குறையும், விலை ஏறும். கேட்ட ரகம் இல்லாமல் திரும்பியவரையும் கணக்கு ‘மறுபடி வாங்காதவர்’ என்றே காட்டும். ஜனவரியில் ஓடிய விளம்பரத்தையும் மார்ச்சில் ஓடியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மார்ச் விளம்பரம் வீணாகப் பழி சுமக்கும். தடைக்காலத்தில் எந்த ரகம் எந்தத் தேதிகளில் கையிருப்பில் இல்லை என்பதை அதே ஷீட்டில் குறித்து வைத்தால், ஜூலையில் கணக்குப் பார்க்கும்போது சரக்கு இல்லாமல் திரும்பியவரையும் வேண்டாமென்று விட்டவரையும் பிரித்துப் படிக்கலாம்.