வீட்டுக் கடனில் 3 லட்சம் முன்கூட்டியே கட்டினால் எத்தனை தவணை குறையும்?

என் தம்பிக்குச் சீட்டுப் பணம் 3 லட்சம் கைக்கு வந்தது. நேராக வங்கிக்குப் போய் வீட்டுக் கடனில் கட்டிவிட்டு வந்தான். அடுத்த மாதம் பார்த்தால் மாதத் தவணை 26,035 ரூபாயிலிருந்து 23,081 ஆகக் குறைந்திருந்தது. மீதித் தவணைகள் மட்டும் அதே 180. அவன் எதிர்பார்த்தது கடன் சீக்கிரம் முடியும் என்று. கேட்டபோது, "எழுதிக் கொடுக்கலைன்னா தவணைத் தொகையைத்தான் குறைப்போம் சார்" என்று பதில் வந்தது. பிறகு கடிதம் கொடுத்து மாற்றினோம். புதிய எண்ணிக்கை எவ்வளவு வரவேண்டும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்திருந்ததால் சரிபார்ப்பது சுலபமாக இருந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதி. தனிநபர்கள் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனில் சொன்னது. 2014 மே மாதத்தில் தனிநபர்களின் மாறும் வட்டித் தவணைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் இதை விரித்தது. 2025 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டுதல் இன்னும் தெளிவானது. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு அது பொருந்தும். தொழிலுக்காக அல்லாமல் தனிநபர் வாங்கிய மாறும் வட்டிக் கடன் என்றால், ஒரு பகுதியைக் கட்டினாலும் முழுதாக அடைத்தாலும், பணம் எங்கிருந்து வந்திருந்தாலும் கட்டணம் கிடையாது. இத்தனை மாதம் கழித்துத்தான் கட்டலாம் என்ற நிபந்தனையும் போட முடியாது. நிலையான வட்டிக் கடன் வேறு கதை. அதற்குக் கட்டணம் இருக்கலாம், ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். தம்பியின் கடன் 30 லட்சம், வட்டி ஆண்டுக்கு 8.5 சதவீதம், 20 வருடம். 60 தவணை கட்டியபின் மீதி அசல் 26,43,800 ரூபாய். மாத வட்டி விகிதம் 0.085-ஐ 12-ஆல் வகுத்தால் வரும் 0.00708333. இதை மீதி அசலோடு பெருக்கினால் 18,727. அடுத்த தவணையில் வட்டிக்குப் போகும் தொகை இதுதான். 26,035-இல் மீதமுள்ள 7,308 மட்டுமே அசலில் கழியும்.

இந்த 7,308-ஐக் கொஞ்ச நேரம் கவனியுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. இந்த மாதம் அசல் 7,308 குறைந்ததால் அடுத்த மாத வட்டி சற்றுக் குறையும். தவணை மாறாததால், குறைந்த அந்த வட்டி அசல் பக்கம் சேரும். ஆக, தவணையில் அசலுக்குப் போகும் பங்கு மாதாமாதம் சரியாக 1.00708333 மடங்காக வளர்கிறது. இப்படிப் பெருகிப் பெருகி அந்தப் பங்கு முழுத் தவணைத் தொகையையே எட்டும்போது கடன் தீர்கிறது. அப்படியானால் நம் கேள்வி இதுதான்: 7,308 என்பது 26,035 ஆக, 1.00708333-ஆல் எத்தனை முறை பெருக்க வேண்டும்? 'எத்தனை முறை பெருக்க வேண்டும்' என்ற கேள்விக்கு விடை தருவதுதான் பள்ளியில் படித்த மடக்கை, அதாவது லாக். சூத்திரமாக எழுதினால்:

```
n = -log(1 - P*r/E) / log(1 + r)
```

P மீதி அசல், r மாத வட்டி விகிதம், E மாதத் தவணை, n மீதித் தவணைகள். அடைப்புக்குள் இருக்கும் 1 - P*r/E என்பது தவணையில் அசலின் பங்கு, அவ்வளவுதான். கால்குலேட்டரில் log அழுத்தினாலும் ln அழுத்தினாலும் விடை ஒன்றே. மேலும் கீழும் ஒரே பொத்தானாக இருந்தால் போதும்.

இப்போது 3 லட்சத்தைக் கட்டுகிறோம். மீதி அசல் 23,43,800. அதன் ஒரு மாத வட்டி 16,602. தவணை அதே 26,035 என்பதால் அசலுக்குப் போவது 9,433. தவணையில் இதன் பங்கு 0.36232.

```
log(0.36232)    = -0.44091
log(1.00708333) =  0.0030654
n = 0.44091 / 0.0030654 = 143.8
```

அதாவது 143 முழுத் தவணை, 144-ஆவதாகச் சற்றுச் சிறிய தவணை, சுமார் 21,700 ரூபாய். 180 இருந்தது 144 ஆகிவிட்டது, மூன்று வருடம் குறைந்தது. குறைந்த தவணைகளை மட்டும் அறிய வேண்டுமானால் இன்னும் குறுக்கு வழி உண்டு. அசல் பங்கு 7,308-லிருந்து 9,433-க்கு ஒரே நாளில் தாவியிருக்கிறது. தானாக வளர்ந்து அந்த இடத்துக்கு வர எத்தனை மாதம் ஆகியிருக்குமோ, அத்தனை மாதத்தை நாம் தாண்டிவிட்டோம். log(9433/7308)-ஐ 0.0030654-ஆல் வகுத்தால் 36.2.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் தசம இலக்கங்களைச் சுருக்குவதால்தான். கீழே இருக்கும் 0.0030654 மிகச் சிறிய எண். பழைய நான்கு இலக்க மடக்கை அட்டவணையைப் பார்த்து 0.0030 என்று போட்டால் விடை 147 ஆகிவிடும், மூன்று தவணை பிசகும். மாத வட்டியைக் குறைந்தது ஆறு தசம இடம்வரை வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தில் என்ன வித்தியாசம்? காலத்தைக் குறைத்தால் தம்பிக்கு மிச்சமாகும் வட்டி சுமார் 6.4 லட்சம். வங்கி முதலில் செய்ததுபோல் தவணையைக் குறைத்திருந்தால் சுமார் 2.3 லட்சம்தான். இந்த இடைவெளி சும்மா வந்ததல்ல. முதல் வழியில் அவன் மாதாமாதம் 2,954 ரூபாய் அதிகம் கட்டிக்கொண்டே இருக்கிறான், அந்தப் பணமும் அசலைக் கரைக்கிறது. குடும்பச் செலவுக்கு அந்தத் தொகை கட்டாயம் வேண்டும் என்றால் தவணையைக் குறைப்பது தவறே இல்லை. எது வேண்டும் என்பதை நாம்தான் எழுத்தில் சொல்ல வேண்டும்.

இந்த எண் வட்டி விகிதம் மாறாதவரைதான் செல்லும். மாறும் வட்டிக் கடனில் விகிதம் மாறும் ஒவ்வொரு முறையும், அன்றைய மீதி அசலையும் புதிய r-ஐயும் வைத்து மறுபடி போட வேண்டும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியது. தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மாத வட்டியே தவணையைத் தாண்டிவிடலாம். அப்போது அடைப்புக்குள் வருவது எதிர்மறை எண், கால்குலேட்டர் பிழை காட்டும். அந்தக் கடன் தீரவே தீராது என்பதுதான் அதன் பொருள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைத் தடுக்க உத்தரவிட்டது. வட்டி மாற்றியமைக்கப்படும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்ற தேர்வைக் கடன்தாரருக்குத் தர வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, மீதித் தவணைகள், வட்டி விகிதம் எல்லாம் உள்ள அறிக்கையும் தர வேண்டும்.

கட்டிய பணம் அசலில்தான் போனதா என்று பார்க்க அந்த அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். சில இடங்களில் அதை வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக ஒதுக்கி வைத்துவிடுவார்கள், அப்போது வட்டி குறையாது. பணம் கட்டிய மாதத்தை விட்டுவிட்டு, அதற்கடுத்த முழு மாதத்தின் வட்டியைப் பாருங்கள். 3 லட்சம் பெருக்கல் 0.00708333, அதாவது 2,125 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலாகக் குறைந்திருக்க வேண்டும். குறைந்திருந்து, மீதித் தவணையும் நீங்கள் போட்ட எண்ணுக்கு ஒன்றிரண்டு வித்தியாசத்தில் இருந்தால் சரி. இல்லையென்றால் அன்றே கடிதத்தோடு கிளைக்குப் போங்கள், ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் அந்த 2,125 போய்க்கொண்டே இருக்கும்.