ஆர்.ஓ.வைத் தாண்டிய தொட்டியைக் கவனியுங்கள்

ஓட்டல்களுக்கு உணவுப் பாதுகாப்புத் தணிக்கைக்குப் போய் "குடிநீர் எப்படி?" என்று கேட்டால், உடனே டி.டி.எஸ். மீட்டரை எடுத்து வருவார்கள். "அறுபதுதான் சார்" என்பார்கள். அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது.

ஒரு சைவ ஓட்டலில் ஆய்வக அறிக்கை சுத்தமாக இருந்தது. ஆனால் வயிற்றுப்போக்கு என்று வாடிக்கையாளர்கள் சிலர் சொல்லியிருந்தார்கள். மாதிரியை எங்கே பிடித்தார்கள் என்று விசாரித்தேன். ஆர்.ஓ. மெஷினின் குழாயில். சரி என்று சம்ப், ஆர்.ஓ. குழாய், ஜக்கில் பிடிக்கும் 200 லிட்டர் ஸ்டீல் தொட்டியின் குழாய் என மூன்று இடத்திலும் எடுக்கச் சொன்னேன். சம்பில் கோலிஃபார்ம் என்ற கிருமி இருந்தது. ஆர்.ஓ.வில் இல்லை. ஸ்டீல் தொட்டியில் மறுபடியும் இருந்தது.

குளோரின் பட்டால் உப்பை வடிகட்டும் மெம்பிரேன் கெட்டுவிடும். அதனால் ஆர்.ஓ.வில் முதலிலேயே கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துவிடுகிறது. அப்புறம் வரும் தண்ணீருக்குக் காவல் கிடையாது. யு.வி. விளக்கும் தன்னைக் கடந்துபோகும் கிருமியைத்தான் கொல்லும், தொட்டிக்குள் புதிதாகச் சேர்வதை ஒன்றும் செய்யாது. அந்தத் தொட்டியிலோ நிரப்பும் குழாய் உள்ளே போக வேண்டும் என்று மூடி எப்போதும் பாதி திறந்தே கிடந்தது. கூட்ட நேரத்தில் பையன்கள் ஜக்கை அப்படியே முக்கி எடுத்தார்கள். தொட்டிக் குழாயின் உட்புறத்தை விரலால் தடவினால் வழவழவென்று இருந்தது.

குழாயைக் கழற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாயை மறுபடி மாட்டித் தண்ணீர் நிரப்பினோம். 25 சதவீத பிளீச்சிங் பவுடர் 40 கிராமை வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றினோம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கணக்கு. குழாயைத் திறந்து குளோரின் வாசனை வந்ததும் மூடி, நான்கு மணி நேரம் விட்டு, வடித்து அலசினோம். ஸ்டீல் அரித்துவிடும் என்பதால் இரவு முழுக்க விடக்கூடாது. நிரப்பும் குழாய்க்கு மூடியிலேயே துளை போட்டு இறுக்கியாயிற்று.

சர்வீஸ்காரர் வந்தால் ஃபில்டரை மாற்றிவிட்டு டி.டி.எஸ். காட்டுவதோடு அனுப்பிவிடாதீர்கள். யு.வி. விளக்கு நீலமாக எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் சுமார் ஒரு வருடத்தில் அதன் கொல்லும் சக்தி குறைந்துவிடும். எரிகிறதே என்று விடாமல், மாற்றிய தேதியை மெஷின்மேல் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் ஊர்களில் விளக்கின் குவார்ட்ஸ் உறையில் படியும் வெள்ளைப் படலத்தையும் துடைக்க வேண்டும்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கைப் பட்டியல்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தில் பரிசோதனை வேண்டும். 100 மில்லியில் கோலிஃபார்ம் இருக்கவே கூடாது. வாடிக்கையாளருக்குத் தண்ணீர் பிடிக்கும் கடைசிக் குழாயில் மாதிரி எடுங்கள், ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில். ஐஸில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் நல்லது. தொட்டி கழுவிய மறுநாளே மாதிரி அனுப்பினால் சுத்தமாகத்தான் வரும், ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டிவிட்டு அனுப்புங்கள்.