பில்லுல இருக்கற தேதிய நம்பி மலை இறங்காதீங்க

போன வாரம் ஒரு கார் டோ பண்ணி பட்டறைக்கு வந்துச்சு. வால்பாறையில இருந்து ஆழியாறு பக்கம் இறங்கிருக்காங்க, அஞ்சு பேரு, டிக்கி நிறைய சாமான். அந்த ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல இறங்கினப்புறம் பிரேக் பெடல் மெதுவா பஞ்சு மாதிரி ஆகிருக்கு, அடுத்த வளைவுல மிதிச்சா அப்படியே தரையில போய் ஒட்டிருச்சு. ஓட்டினவரு நிதானமானவரு, கியர ஒண்ணுக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, மலைப்பக்கத்து ஓடையில ஒரு சக்கரத்த விட்டு நிறுத்திட்டாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அரை மணி நேரம் கழிச்சு மிதிச்சுப் பாத்தா பெடல் பழையபடி கெட்டியா நிக்குது!

இந்த வருஷத்துல எனக்கு இது நாலாவது கார். நாலு பேரும் சொன்னது ஒரே வாக்கியம்தான், "பிரேக் ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் கூட ஆகலைங்களே."

இவரும் பில்ல எடுத்துக் காட்டினாரு. 14 மாசத்துக்கு முந்தின தேதி. வேற ஒரு இடத்துல சர்வீஸ் விட்டப்ப பிரேக் ஆயில் மாத்தினதா எழுதிருக்கு, பொய்னு சொல்ல முடியாது. மேல இருக்கற டப்பாவ தொறந்து பாத்தேன், ஆயில் லேசான மஞ்சள்ல தெளிவா இருக்கு, அளவும் சரியா இருக்கு. பசங்க வச்சிருக்கற பேனா டெஸ்டர அதுல விட்டா பச்ச லைட்டு. கொதிநிலை டெஸ்டர்ல அதே டப்பா ஆயில் 212 டிகிரி காட்டுச்சு. இதோட நிறுத்திருந்தா "ஆயில் நல்லா இருக்கு சார், ஓட்டுங்க"ன்னு நானும் அனுப்பிருப்பேன்.

அப்புறம் முன் சக்கரத்துல பிரேக் பேட அழுத்தற காலிப்பர்ல நிப்பிள லூஸ் பண்ணி, டியூப் மாட்டி கொஞ்சம் ஆயில் எடுத்தேன். டீ டிகாக்‌ஷன் மாதிரி வந்துச்சு. டெஸ்டர்ல போட்டா 143.

இப்ப விஷயம் புரியுதுங்களா? 14 மாசத்துக்கு முன்னாடி டப்பாவுல இருந்த ஆயில மட்டும் சிரிஞ்ச் போட்டு உறிஞ்சிட்டு புதுச ஊத்தி மூடிட்டாங்க. நாலு சக்கரத்துலயும் நிப்பிள தொறந்து பழசு முழுக்க வெளிய வர்ற வரைக்கும் ஏர் எடுக்கவே இல்ல. லைன்லயும் காலிப்பர்லயும் கிடந்தது பல வருஷத்து சரக்கு. பில்லுல 14 மாசம், சூடு படற இடத்துல எத்தன வருஷம்னு யாருக்கும் தெரியாது. வயச வச்சு கணக்கு போடறதுல உள்ள கோளாறு இதுதாங்க, அந்த வயசு எந்த ஆயிலோடதுன்னே உங்களுக்குத் தெரியாது. சரி முழுசா மாத்தினதாவே வச்சுக்குவோம், ஊத்தின பாட்டில் அன்னிக்கு சீல் ஒடச்சதா, இல்ல ஆறு மாசமா மூடி லூசா செல்ஃப்ல நின்னுட்டிருந்ததா? பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சிக்கிட்டே இருக்கும், பாட்டில்லயும் உறிஞ்சும், வண்டியில ரப்பர் ஹோஸ் வழியாவும் உறிஞ்சும். வண்டிக்கு வண்டி, ஊருக்கு ஊரு அந்த வேகம் மாறும். அப்புறம் எப்படிங்க ஒரே ரெண்டு வருஷக் கணக்கு எல்லாத்துக்கும் பொருந்தும்? நிறமும் அப்படித்தான், தெளிவா இருக்கற ஆயில்லயும் தண்ணி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

டாட் 4 தரத்து பிரேக் ஆயில் புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா 155 டிகிரி தாங்கினா போதும்னுதான் அந்தத் தரமே சொல்லுது. டாட் 3க்கு இது 205, 140. 143ல கொதிக்கற ஆயில காலிப்பர்ல வச்சுக்கிட்டு 40 வளைவு பிரேக்லயே இறங்கினா ஆவி ஆகத்தான் செய்யும், ஆவிய மிதிச்சா பெடல் தரைக்குத்தான் போகும். ஆறினதும் சரியாயிடறதால எந்த லீக்கும் சிக்காது, நிறைய பேரு "ஒண்ணுமில்ல"ன்னு திருப்பி அனுப்பிடறாங்க. அதுதான் எனக்கு பயமே.

டெஸ்டர் வாங்கினா மட்டும் போதாது, அது எத காட்டுதுன்னு தெரிஞ்சு பாக்கணும். பேனா டெஸ்டர் ஆயில்ல கரண்ட் எவ்ளோ போகுதுன்னு பாத்து தண்ணி இவ்ளோன்னு ஊகிக்குது. கம்பெனிக்கு கம்பெனி ஆயில்ல கலக்கற மருந்து வேற வேற, அதனால சீல் ஒடச்ச புது ஆயில்லயே மஞ்ச லைட்டு எரியறத பாத்திருக்கேன். அத வச்சிருந்தா முதல்ல அதே பிராண்டு புது பாட்டில்ல ஒருவாட்டி விட்டுப் பாத்துக்கோங்க, வித்தியாசம் புரியும். சிவப்பு எரிஞ்சா சந்தேகப்படுங்க, பச்ச எரிஞ்சா நிம்மதி ஆயிடாதீங்க.

ஆயில்ல முக்கிப் பாக்கற காப்பர் ஸ்ட்ரிப்னு ஒரு டெஸ்ட் பட்டை இருக்கு, அது வேற கதை. அது தண்ணிய பாக்கறதே இல்ல. துரு பிடிக்காம இருக்க ஆயில்ல போட்டிருக்கற மருந்து தீந்து போனா லைன் உள்பக்கத்து செம்பு கரைஞ்சு ஆயில்ல சேரும், அதத்தான் காட்டும். ஒரு செகண்ட் முக்கி, உதறிட்டு, பாக்கெட்டுல போட்டிருக்கற நேரம் வரைக்கும் காத்திருந்து கலர் சார்ட்டோட ஒப்பிடணும். செம்பு 200 பிபிஎம் தாண்டிட்டா ஆயில மாத்திடுங்க, இல்லன்னா ஏபிஎஸ் உள்ள இருக்கற வால்வுங்களுக்கு கேடு, அந்த யூனிட் விலை உங்களுக்கே தெரியும். இந்த கார்ல டப்பா ஆயில்ல ஸ்ட்ரிப் கலரே மாறல, காலிப்பர் ஆயில்ல அடர் ஊதா. ஆனா ஸ்ட்ரிப் வெளுத்து இருக்குன்னு தண்ணி இல்லைன்னு அர்த்தம் கிடையாது, மூடி சரியில்லாம ஈரம் ஏறின புது ஆயில் இந்த டெஸ்ட்ல சுலபமா பாஸ் ஆயிடும்.

அதனால மலை ஏறி இறங்கற வண்டின்னா கொதிநிலை டெஸ்டர் இருக்கற பட்டறையா பாருங்க. சாம்பிள் காலிப்பர்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க, அஞ்சு மில்லி போதும். முதல்ல வர்ற துளிய விட்டுட்டு அடுத்தத பிடிக்கணும், எடுத்த ஆயில திருப்பி ஊத்தவே கூடாது, பெயிண்ட் மேல பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவணும். டாட் 4ல 180க்கு கீழ வந்தாலே நான் மாத்தச் சொல்லிடுவேன், 155 வரைக்கும் காத்திருக்க மாட்டேன். இன்னொண்ணு, டெஸ்ட்ல நல்லா இருக்குன்னு வண்டி புக்ல போட்டிருக்கற கெடுவ தாண்டாதீங்க, தயவுசெஞ்சு. டெஸ்ட் எதுக்குன்னா கெடுவுக்கு முன்னாடியே கெட்டுப்போனத கண்டுபிடிக்க, தள்ளிப்போட இல்ல.

அந்த காருக்கு சீல் பாட்டில் ஒடச்சு, நாலு சக்கரத்துலயும் தெளிவா வர்ற வரைக்கும் ஏர் எடுத்தோம், ஒரு லிட்டர் கிட்ட ஆச்சு. அப்புறம் அதே காலிப்பர்ல சாம்பிள் எடுத்தா 241. தேதியோட அந்த நம்பரையும் டேப்ல எழுதி டப்பா பக்கத்துல ஒட்டி விட்டிருக்கேன். அடுத்த தடவ மலைக்குப் போறதுக்கு முன்னாடி வந்து காட்டுங்கன்னு சொல்லிருக்கேன், அவங்க வீட்டம்மா அத போன்ல போட்டோ எடுத்துக்கிட்டாங்க.