நாட்டு முகம்: யூரோ நாணயத்தை வெளியிட்ட நாட்டை அறிவது எப்படி?

யூரோ நாணயத்தின் மதிப்பைக் காட்டும் பக்கம், அதைப் புழங்கும் எல்லா நாடுகளுக்கும் பொதுவானது; மறுபக்கத்தை மட்டும் ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி வடிவமைத்துக்கொள்கிறது. இவ்விரண்டையும் பிரெஞ்சு மொழியில் ‘ஃபாஸ் கொம்யூன்’, ‘ஃபாஸ் நசியோனால்’ என்பார்கள். ‘ஃபாஸ்’ என்பதற்கு முகம் என்றே பொருளாதலால், தமிழில் பொது முகம், நாட்டு முகம் என்று சொல்வது இயல்பாகப் பொருந்துகிறது. பூவா தலையா என்று சுண்டும்போது நாம் சொல்லும் ‘தலை’ இங்கே உதவாது. ஸ்பெயினின் 1, 2 யூரோ நாணயங்களில் மன்னரின் தலை இருந்தாலும், ஜெர்மனியின் அதே நாணயங்களில் இருப்பது கழுகு.

நாட்டின் பெயர் நாட்டு முகத்தில் எழுதப்பட்டிருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் அது அந்நாட்டு மொழியிலேயே இருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்: அயர்லாந்து ‘ஏர’ என்றும், குரோஷியா ‘ஹர்வாட்ஸ்கா’ என்றும் பொறிக்கின்றன. பிரான்சு, பிரெஞ்சுக் குடியரசு என்பதன் சுருக்கமாக ‘ஆர்எஃப்’ என்ற எழுத்துகளோடு நிறுத்திக்கொள்கிறது.

குழப்பம் தருவது ஜெர்மனியே. 2002இல் புழக்கத்துக்கு வந்த அதன் 2 யூரோ நாணயத்தில் கழுகும், சுற்றிலும் பன்னிரண்டு விண்மீன்களும், ஆண்டும், ஒற்றை எழுத்தும் இருக்கின்றனவே தவிர நாட்டின் பெயர் இல்லை. அந்த எழுத்து ‘ஏ’ என்றிருந்தால் ஆஸ்திரியா என்று எண்ணிவிடக்கூடாது. அது அந்நாணயத்தை அடித்த பெர்லின் நாணயச்சாலையின் குறி. ‘டி’ மியூனிக்கையும், ‘எஃப்’ ஸ்டுட்கார்ட்டையும், ‘ஜி’ கார்ல்ஸ்ரூவையும், ‘ஜே’ ஹாம்பர்க்கையும் குறிக்கும். ஐயம் தீராவிட்டால் நாணயத்தின் விளிம்பைச் சுழற்றிப் பார்க்கலாம்: ‘ஒற்றுமை, நீதி, விடுதலை’ என்ற பொருளுடைய ஜெர்மன் தொடர் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். ஆஸ்திரியாவின் நாணயங்களிலும் பெயர் இல்லை. எனினும் மதிப்பை நாட்டு முகத்திலும் திரும்பப் பொறிப்பது அதன் வழக்கம் என்பதால் எளிதில் பிரித்தறியலாம்.

வெளியிட்ட நாட்டின் பெயரோ சுருக்கமோ நாட்டு முகத்தில் இடம்பெற வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2005இல் பரிந்துரைத்தது. அதன்படி பின்லாந்து 2007இலும் பெல்ஜியம் 2008இலும் தத்தம் சுருக்கெழுத்துகளைச் சேர்த்தன. பழைய வடிவங்களை மாற்ற 2062 வரை அவகாசம் தரப்பட்டிருப்பதால் மற்றவை அவசரப்படவில்லை.

கிரேக்க நாணயங்களிலும் பெயர் இல்லையென்றாலும், கிரேக்க எழுத்தில் மதிப்பு பொறிக்கப்பட்டிருப்பதே போதிய அடையாளம். ஆனால் 2002ஆம் ஆண்டின் சில 1, 2 யூரோ நாணயங்களில், கீழேயுள்ள விண்மீனுக்குள் ‘எஸ்’ என்ற சிறிய எழுத்தைக் காணலாம். அது சுவோமி, அதாவது பின்லாந்து. முதல் ஆண்டுத் தேவைக்காக கிரேக்கம் தன் நாணயங்களில் ஒரு பகுதியை அங்கே அடிக்கச் செய்தது. எனவே அடித்த நாடு பின்லாந்தாயினும் வெளியிட்ட நாடு கிரேக்கமே.