ஆல்ட் மோட்: மாற்றுப் பயன்முறை

கைப்பேசியின் யுஎஸ்பி-சி துளையிலிருந்து தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ துளைக்குப் போகும் கேபிளின் பெட்டியில், பெரும்பாலும் பொடி எழுத்தில், ஒரு நிபந்தனை இருக்கும்: ‘ஆல்ட் மோட் உள்ள கைப்பேசிகளுக்கு மட்டும்.’ கேபிளைச் சரியாகச் செருகிய பிறகும் தொலைக்காட்சி ‘சிக்னல் இல்லை’ என்று பிடிவாதம் பிடித்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த நிபந்தனையைத்தான்.

‘ஆல்ட்’ என்பது ‘ஆல்டர்நேட்’ என்பதன் சுருக்கம். ‘இரண்டில் மற்றொன்று’ எனப் பொருள்படும் ‘ஆல்ட்டர்’ என்ற லத்தீன் சொல்லே அதன் வேர். யுஎஸ்பி-சி 2014-இல் வெளிவந்தபோது இந்தப் பெயரும் அதனுடன் வந்தது. அதே ஆண்டு, டிஸ்ப்ளேபோர்ட் என்னும் காட்சி இணைப்பு முறையை வகுத்த வெசா அமைப்பு, யுஎஸ்பி-சி வழியாகப் படம் அனுப்பும் மாற்று முறையை அறிவித்தது.

பெயர் காரணத்தோடுதான் வைக்கப்பட்டிருக்கிறது. யுஎஸ்பி-சி துளையில் 24 முனைகள் உள்ளன. அவற்றில் எட்டு, நான்கு இணைகளாக, அதிவேகத் தகவலுக்கானவை. கேபிளைச் செருகியதும் கைப்பேசியும் கேபிளுக்குள் இருக்கும் சில்லும் தனியொரு கம்பி வழியாகப் பேசிக்கொள்கின்றன. ‘எனக்கு டிஸ்ப்ளேபோர்ட் தெரியும்’ என்று சில்லு சொல்ல, கைப்பேசியும் ஒப்புக்கொண்டால், அந்த இணைகளில் இரண்டோ நான்கோ யுஎஸ்பி வேலையை விட்டுவிட்டுப் படத்தைச் சுமக்கத் தொடங்குகின்றன. புதிய வசதி ஒன்று மேலதிகமாகச் சேரவில்லை; இருக்கும் கம்பிகளே வேலை மாறுகின்றன.

கைப்பேசியிலிருந்து புறப்படுவது எச்டிஎம்ஐ அன்று, டிஸ்ப்ளேபோர்ட் என்பதையும் கவனிக்க வேண்டும். அதை எச்டிஎம்ஐயாக மாற்றுவது கேபிளின் தலைப்பகுதியில் இருக்கும் சில்லு. அதற்கான மின்சாரத்தையும் பொதுவாகக் கைப்பேசியே தருகிறது. நேரடி எச்டிஎம்ஐ மாற்று முறை ஒன்றும் 2016-இல் அறிவிக்கப்பட்டது. அது சந்தையில் வேர்பிடிக்கவே இல்லை.

தமிழில் என்ன சொல்வது? ‘மாறுமுறை’ என்றால் ‘மாறி மாறி நிகழ்வது’ என்ற பொருள் வந்துவிடும். ஆங்கிலச் சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு என்றாலும், இங்கே அது பொருந்தாது. ‘கூடுதல் வசதி’ என்பது தவறான படத்தையே மனத்தில் எழுப்பும். மாற்றுப் பாதை, மாற்று மருத்துவம் என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் குறிக்க நாம் வழங்கும் ‘மாற்று’ கச்சிதமாகப் பொருந்துகிறது. மென்பொருள் தமிழாக்கங்களில் ‘மோட்’ என்பதற்குப் ‘பயன்முறை’ ஏற்கெனவே நிலைபெற்றிருப்பதால், ‘மாற்றுப் பயன்முறை’ என்பதே என் தேர்வு.

இனி, சில கைப்பேசிகளால் ஏன் முடிவதில்லை? விலை குறைந்த பல கைப்பேசிகளில் துளையின் வடிவம் மட்டுமே புதிது. உள்ளே இருப்பது யுஎஸ்பி 2.0, அதிவேக இணைகள் எங்கும் இணைக்கப்படாமல் வெறுமனே கிடக்கும். மிச்சமிருக்கும் ஒற்றை இணையில் நொடிக்கு அதிகபட்சம் 48 கோடி பிட் போகும். முழு எச்டி படத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடுவோம். 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 சட்டகம்: ஏறத்தாழ 299 கோடி பிட். ஆறு மடங்குக்கும் மேல். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேபிளும் இதைச் சரிசெய்யாது.

ஆனால் ‘யுஎஸ்பி 2.0 என்றால் படம் வராது’ என்று சூத்திரம் எழுதிவிடவும் முடியாது. ஐபோன் 15-இன் தகவல் வேகம் யுஎஸ்பி 2.0 அளவுதான், ஆனாலும் அது டிஸ்ப்ளேபோர்ட் வழியே 4கே படம் அனுப்புகிறது. அதிவேக இணைகளை அது படத்துக்காக மட்டும் பயன்படுத்திக்கொள்கிறது. எதிர்ப்பக்கத்துக்குக் கூகுளின் பிக்சல் 8: வன்பொருள் தயாராக இருந்தும் மென்பொருள் வழிவிடவில்லை; 2024 ஜூன் மாதப் புதுப்பிப்புக்குப் பிறகே படம் வெளியேறியது. ஆக, முனைகள் இணைக்கப்பட்டிருக்க வேண்டும், தயாரிப்பாளரின் மென்பொருளும் அனுமதிக்க வேண்டும்.

ஆகவே வாங்குவதற்கு முன் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் DisplayPort என்ற சொல்லைத் தேடுவதே நம்பகமான வழி. ‘ஓடிஜி உண்டு’ என்ற வரியை நம்பி ஏமாற வேண்டாம். பென் டிரைவைச் செருகலாம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. கேபிள் ஏற்கெனவே கையில் இருந்தால், யுஎஸ்பி-சி வழியே படம் அனுப்பும் மடிக்கணினி ஒன்றில் அதைச் செருகிப் பாருங்கள். அங்கே படம் வந்து கைப்பேசியில் வராவிட்டால் குறை கேபிளில் இல்லை. படம் வந்து, ஒரு குறிப்பிட்ட திரைப்படச் செயலி மட்டும் கறுப்புத் திரை காட்டினால், அது நகல் தடுப்புப் பூட்டாக இருக்கலாம். மாற்றுப் பயன்முறை அங்கே தன் வேலையைச் செய்துவிட்டது.

டிஸ்ப்ளேலிங்க் சில்லு கொண்ட இணைப்பான்கள் வேறு வகை. ஒரு செயலி திரையைச் சுருக்கிச் சாதாரண யுஎஸ்பி தகவலாக அனுப்ப, இணைப்பான் அதை விரித்துப் படமாக்குகிறது. மாற்றுப் பயன்முறை இல்லாத ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இது வேலை செய்யும். வேகமாக நகரும் காட்சிகளில் தடுமாறும்.