ப்ளீட்: வெட்டுக்குத் தப்பிக்க விடும் மிகை

அச்சகத்தில் கோப்பைக் கொடுத்தவுடன் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ப்ளீட் விட்டிருக்கீங்களா?" ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு இரத்தம் வடிதல் என்று பொருள். காகிதத்துக்கும் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு என்பதற்கான விடை பழைய புத்தகம் கட்டுவோரிடம் இருக்கிறது. தைத்த புத்தகத்தின் ஓரத்தைச் சமப்படுத்தும்போது கத்தி உள்ளே இறங்கி எழுத்தையும் வெட்டிவிட்டால், புத்தகத்துக்கு இரத்தம் வடிகிறது என்பார்கள். அன்று அது ஒரு பழுதின் பெயர். பின்னாளில், படம் தாளின் விளிம்புவரை போக வேண்டும் என்பதற்காக அச்சடிப்போரே அதை வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீட்டத் தொடங்கினார்கள். பழுதைக் குறித்த சொல், அப்படி வேண்டுமென்றே நீட்டும் பகுதிக்குப் பெயராகிவிட்டது.

ஏன் நீட்ட வேண்டும்? விசிட்டிங் கார்டை ஒவ்வொன்றாக யாரும் வெட்டுவதில்லை. அச்சான தாள்களை அடுக்கி, கட்டிங் மிஷினில் ஒரே இறக்கில் வெட்டுகிறார்கள். அடுக்கில் தாள்கள் இம்மியளவு நகர்ந்திருக்கும். கத்தியும் கனத்த அடுக்கினூடே சற்றுச் சாயும். அச்சு இயந்திரத்திலேயே ஒவ்வொரு தாளிலும் படம் நூலிழை முன்பின்னாக விழுந்திருக்கும். இவையெல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலும், கோட்டோடு நின்றுவிட்ட நிறத்துக்கு அப்பால் வெள்ளைக் கீற்று தெரியும். தையற்காரர் அளவுக்கு மேல் துணி விடுவதுபோல இங்கே நிறத்தை மிகுதியாக விடுகிறோம். வழக்கமான அளவு பக்கத்துக்கு 3 மி.மீ.

89 × 51 மி.மீ. அளவுள்ள ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். பின்னணி முழுக்கக் கடலின் புகைப்படம். நான்கு பக்கமும் 3 மி.மீ. கூட்டினால் படம் 95 × 57 மி.மீ. இருக்க வேண்டும், 300 டிபிஐயில் ஏறக்குறைய 1122 × 673 பிக்சல். புகைப்படத்தை முதன்முதலில் கத்தரிக்கும்போதே இந்தப் பெரிய அளவுக்குக் கத்தரிக்க வேண்டும். பெயரும் தொலைபேசி எண்ணும் வெட்டுக்கோட்டிலிருந்து உள்பக்கமாக 3 மி.மீ. தள்ளி, அதாவது 83 × 45 மி.மீ.க்குள் அடங்க வேண்டும்.

பலரும் இடறுவது இங்கேதான். எழுத்தெல்லாம் வைத்துச் சரியாக 89 × 51க்கு முடித்துவிட்டு, அச்சகம் கேட்ட பிறகு மொத்த வடிவமைப்பையும் இழுத்துப் பெரிதாக்குகிறார்கள். உயரம் 51 இலிருந்து 57 ஆக வேண்டுமானால் எல்லாமே 12 விழுக்காடு பெரிதாகும். இடது ஓரத்திலிருந்து 3 மி.மீ. தள்ளித் தொடங்கிய பெயர், நடுவிலிருந்து 41.5 மி.மீ. தொலைவில் இருந்தது, இப்போது 46 மி.மீ.க்கு மேல் போய்விடும். கத்தி இறங்குவதோ 44.5 மி.மீ.யில். முதலெழுத்து போயிற்று. திரையில் பார்க்கும்போது எதுவும் வெட்டுப்பட்டதாகத் தெரியாது. வெட்டுக்கோட்டைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். பின்னணிப் படத்தை மட்டும் நீட்டி, எழுத்தை இருந்த இடத்திலேயே விடுவதே வழி.

விளிம்பையொட்டி மெல்லிய சட்டக்கோடு போடுவதையும் தவிர்க்கலாம். ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே ஒரு கோடு இருக்கிறது. வெட்டு 1 மி.மீ. விலகினால் ஒருபுறம் 1, மறுபுறம் 3 ஆகிவிடும். ப்ளீட் எவ்வளவு விட்டாலும் இந்தக் கோணலை மறைக்காது.

எங்கே வெட்டுவது என்று காட்டுபவை ட்ரிம் மார்க்குகள். ட்ரிம் என்பதன் பழைய ஆங்கில வேர் உறுதியாக்கு, ஒழுங்குபடுத்து என்ற பொருளுடையது. ஓரம் நறுக்குவது பிற்பாடு வந்த பொருள். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு சிறு கோடுகள் இருக்கும். அவை கார்டைத் தொடாமல் சற்று விலகி நிற்கும். வெட்டியதும் கழிவோடு போய்விடும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் PDF எடுக்கும்போது `Crop Marks`, `Use Document Bleed Settings` இரண்டையும் குறியிட வேண்டும். கோடு கார்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்று கேட்கும் `Offset` என்ற இடத்தில் தானாக வரும் அளவு 3 மி.மீ.க்குக் குறைவானது, அப்படியே விட்டால் கோட்டின் நுனி ப்ளீட் பகுதிக்குள் நீளும். வெட்டு வெளிப்பக்கமாக விலகினால் அந்த நுனி கார்டின் மூலையில் தங்கிவிடக்கூடும். `Offset` அளவை 3 மி.மீ. ஆக்குங்கள்.

தமிழில் ப்ளீடைக் கசிவு என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மை தாளில் பரவி எழுத்து மங்குவதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் சொல்கிறார்கள். கசிவு அதற்கே பொருந்தும், அது பழுது. வேண்டுமென்று விடுவதை வெட்டு மிகை என்கிறேன். மிகு என்ற வேரிலேயே தேவைக்கு மேற்பட்டது என்ற பொருள் இருக்கிறது. ட்ரிம் மார்க் வெட்டுக்குறி. எழுத்துக்காக உள்ளே விடும் 3 மி.மீ. காப்பு ஓரம். அச்சகத்தில் பேசும்போது ப்ளீட் என்றே சொல்லலாம். அங்கே எல்லோருக்கும் புரிவது அதுதான். பாடநூலிலும் மென்பொருளின் தமிழ்ப் பட்டிகளிலும் வெட்டு மிகை என்று இருந்தால், புதிதாகப் படிப்பவருக்கு அது எதற்கு என்பது பெயரிலேயே விளங்கிவிடும்.