ஆசீர்வாதம் என்றால் ‘ஆசி’ அல்ல, வாழ்த்து

‘ஆசீர்வாதம்’ வடசொல், ஆகவே தமிழில் ‘ஆசி’ என்றோ ‘ஆசியுரை’ என்றோ எழுத வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்கள் திருத்துகிறார்கள். அழைப்பிதழ்களிலும் மேடைகளிலும் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இது திருத்தமே அல்ல. வடமொழியில் ‘ஆசிஸ்’ என்றால் நன்மை வேண்டல், ‘வாதம்’ என்றால் சொல்லுதல். இரண்டும் சேர்ந்ததுதான் ஆசீர்வாதம். அதில் பின்பாதியை வெட்டி எறிந்தால் முன்பாதி தமிழாகிவிடாது. ‘ஆசியுரை’யும் அப்படித்தான், ‘வாதம்’ போய் ‘உரை’ வந்திருக்கிறது, அவ்வளவே.

நம்மிடம் உள்ள சொல் வாழ்த்து. தாழ் – தாழ்த்து, வீழ் – வீழ்த்து, ஆழ் – ஆழ்த்து என்ற வரிசையில் வருவது வாழ் – வாழ்த்து. வீழ்த்துதல் விழச் செய்வது, வாழ்த்துதல் வாழச் செய்வது. காலில் விழுந்து எழுபவரைப் பெரியவர் சொல்லால் வாழவைக்கிறார். இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல்லைப் புதிதாக யாரும் ஆக்கிவிட முடியாது.

எதிர்க்கட்சியின் வாதம் ஒன்று உண்டு. வாழ்த்து யாரும் யாருக்கும் சொல்வது, ஆசி பெரியவர் சிறியவருக்கு மட்டும் தருவது, எனவே இரண்டும் ஒன்றல்ல என்பார்கள். சான்றாக, ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்ற தொடரைக் காட்டுவார்கள். அந்தத் தொடரே அவர்களுக்கு எதிரான சான்று. வாழ்த்துவதற்கு வயது வேண்டும் என்று பேசுபவர் நினைப்பதால்தானே அப்படிச் சொல்கிறார்? பெரியவர் தருவது என்ற பொருள் ‘வாழ்த்து’க்குள் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பொருளோடு நிற்காமல் மேல்நோக்கியும் போகும் என்பது அதன் கூடுதல் வலிமை. கடவுள் வாழ்த்து என்கிறோம், பெரியாழ்வார் திருமாலுக்கே பல்லாண்டு பாடினார். விரிந்த பொருளுடைய சொல் என்பதற்காக அதை ஒதுக்கிவிட்டுக் கடன் சொல்லின் துண்டைப் பிடித்துக்கொள்வது எந்த நியாயம்?

வாழ்த்துத் தொடர்கள் எதை வேண்டுகின்றன என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து வணங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வடமொழியில் வாழ்த்தும் பெரியவர் அவனிடம் ‘தீர்க்காயுஷ்மான் பவ’ என்பார். தீர்க்கம் நீளம், ஆயுஷ்மான் ஆயுள் உடையவன், பவ என்பது ‘ஆகு’. அவளிடம் ‘தீர்க்க சுமங்கலி பவ’ என்பார். சுமங்கலி என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் நல்ல மங்கலம் உடையவள். வழக்கில் அது கணவன் உயிரோடிருப்பவள் என்று நின்றுவிட்டது. ஆக, இரண்டு வாழ்த்திலும் நீள வேண்டியது அவன் ஆயுள்தான்! இங்கே ‘தீர்க்க’ என்பதை ‘உறுதியான’ என்று பெயர்ப்பது பிழை. ‘தீர்க்கமாகச் சொன்னார்’ என்ற தமிழ் வழக்கு உண்டாக்கிய மயக்கம் அது.

பொருள் தெரியாமல் சொன்னால் தடுமாற்றம் வரும். ஆயுஷ்மான் ஆண்பால், பெண்ணுக்கு ‘ஆயுஷ்மதி’ என வேண்டும். ‘பவ’ ஒருமை, இருவர் சேர்ந்து வணங்கும்போது ஒரே ‘பவ’ போதாது. ‘வாழ்க’வுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவன் வாழ்க, அவள் வாழ்க, நீ வாழ்க, நீங்கள் வாழ்க என எங்கும் ஒரே வடிவம். வியங்கோள் ‘இடம்பால் எங்கும்’ வரும் என்று நன்னூல் சொல்வது இதைத்தான்.

அந்த இருவருக்கும் சேர்த்துச் சொல்லத் தமிழில் ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ இருக்கிறது. (‘பெற்று’க்குப் பின் ‘ப்’ மிகும், பத்திரிகை அச்சிடுவோர் கவனிக்க.) இதைப் பதினாறு பிள்ளைகள் என்று பெயர்ப்பவர்கள்மேல் கோபமே வருகிறது. பதினாறு என்பது பேறுகளின் எண்ணிக்கை. அபிராமி பட்டர் அவற்றை ‘கலையாத கல்வியும் குறையாத வயதும்’ என்று தொடங்கி அடுக்குகிறார். கபடு வாராத நட்பு, நோயற்ற உடல், சலியாத மனம், மாறாத வார்த்தை, தடையில்லாத கொடை எல்லாம் அதில் அடக்கம். ‘தவறாத சந்தானம்’ அந்தப் பதினாறில் ஒன்றே ஒன்று. பட்டியல் பாடலுக்குப் பாடல் கொஞ்சம் மாறும், ஆனால் பதினாறும் பிள்ளைகளாக எந்தப் பட்டியலிலும் இல்லை.

சிறியவர் வணங்கினால் இப்போது பல பெரியவர்கள் ‘ஆசீர்வாதம்’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எழுத்தில் அதுவே ‘நல்லாசிகள்’ என்றாகிறது. அது செயலின் பெயர், வாழ்த்து அல்ல. வேண்டுதலே அதில் இல்லை. பேச்சுத்தமிழில் ‘நல்லா இரு’, ‘மகராசியா இரு’, ‘நூறு வயசு இருக்கணும்’ என்று சொல்லும் எந்தப் பாட்டியும் இந்தப் பிழையைச் செய்வதில்லை. என்ன வேண்டுகிறோம் என்று அவர் சொல்லிவிடுகிறார்.